சாவி யார் கையில் இருக்கிறது?

எங்கள் வீட்டு டிரைவர் அண்ணனின் ஓ.டி. கணக்கில் போன மாதம் ஒரு சின்ன மனத்தாங்கல். தப்பு என் மீதுதான். நான் டிரிப்களை மட்டும்தான் நோட்டில் எழுதி வந்தேன். வண்டி ஓடினால் வேலை, நின்றால் ஓய்வு என்பது என் கணக்கு.

பேச்சு வந்தது ஒரு வியாழக்கிழமையைப் பற்றி. காலை 8.10க்குச் சாவி வாங்கினார், இரவு 10.20க்குத் திருப்பிக் கொடுத்தார். மொத்தம் 14 மணி 10 நிமிடம். வண்டி ஓடியதோ மூன்று மணி நேரம்கூட இல்லை. எங்கள் பேச்சுப்படி டூட்டி பத்து மணி நேரம், அதற்கு மேல் மணிக்கு 100 ரூபாய். என் நோட்டின்படி ஓ.டி. பூஜ்யம்.

"கல்யாண மண்டபத்துல மூணு மணி நேரம் சும்மாதானே இருந்தீங்க" என்று கேட்டேன். "சார், பின்னாடி ரெண்டு வண்டி நின்னுச்சு. எடுக்கச் சொன்னா எடுத்து விடணும். டீ குடிக்கக்கூடப் போகல" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அதிலிருந்து நோட்டை மாற்றினேன். சாவி வாங்கிய நேரம், திருப்பிய நேரம், இரண்டு வேளையிலும் மீட்டர் கிலோமீட்டர். இடையில் காத்திருப்பதை நான் கழிப்பதில்லை. "போயிட்டு இத்தனை மணிக்கு வாங்க" என்று நேரம் சொல்லி அனுப்பினால் மட்டுமே கழிவு. அப்போது வண்டியை விட்டு அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம், போன் எடுக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. "பத்து நிமிஷத்துல வந்துடறேன், இங்கேயே இருங்க" என்று ஆஸ்பத்திரிக்குள் போவது கழிவில் வராது. அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு நீளும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

அந்த வியாழனையே இப்படிப் போட்டுப் பார்த்தேன். மதியம் 1.30க்கு, 3.30க்கு வரச்சொல்லி அனுப்பினேன். ஆனால் 2.40க்கே கூப்பிட்டுவிட்டேன். ஆகவே கழிவு இரண்டு மணி நேரம் இல்லை, 1 மணி 10 நிமிடம்தான். மிச்சம் 13 மணி நேரம். ஓ.டி. மூன்று மணி, 300 ரூபாய்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் வேலை நேரம் என்பதை முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருக்கும் நேரம் என்றுதான் தொடங்கியது. ஆனால் அது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற போக்குவரத்து நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியது. ஒரே டிரைவர் வைத்திருக்கும் வீட்டுக்கு அது வராது. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி இந்த நோட்டுதான். அதனால் மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டோம். அப்படி எழுதினால் எல்லா நாளும் 9 டு 7 என்றே வரும், ஒரே பேனாவில். அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது சாவி வைக்கும்போதே அவர் எழுதுகிறார், நான் கையெழுத்துப் போடுகிறேன், அவர் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார். ஓ.டி. தொகை கூடியிருக்கிறதா என்றால், ஆமாம். ஆனால் மண்டபத்துக்குப் போனால் இப்போது நானே முதலில் கேட்கிறேன்: "அண்ணே, வெளியே ரோட்டுல விட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போயிட்டு ஒன்பதரைக்கு வர்றீங்களா?"