ஐந்து நிமிட செமினாரில் நாற்பது ஸ்லைடையும் சொல்லாதீர்கள்

காலநிலை மாற்றம் பற்றி நாற்பது ஸ்லைடு உள்ள ஒரு பிபிடியைக் கையில் கொடுத்து, இதைச் சுருக்கி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசு என்று சொல்லிவிடுகிறார்கள். மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஸ்லைடுக்கு ஒரு வரி எடுத்துக் கோத்து மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். பசுமைக்குடில் வாயு ஒரு வரி, துருவப் பனி ஒரு வரி, கடல் மட்டம் ஒரு வரி, பாரிஸ் ஒப்பந்தம் ஒரு வரி, கடைசியில் மரம் நடுவோம், நன்றி. கேட்டுக்கொண்டிருந்த அறுபது பேருக்கும் இவையெல்லாம் பள்ளியிலேயே தெரிந்தவை. தெரியாத ஒன்றுகூட அவர்களிடம் போய்ச் சேரவில்லை. இப்படிப்பட்ட செமினார்களை வருடக்கணக்காகக் கேட்டு மதிப்பெண் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சுருக்கம் ஆகாது.

நிதானமாகப் பேசினால் ஐந்து நிமிடத்தில் ஐந்நூறு, அறுநூறு சொற்கள்தான் வரும். அதில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் முழுதாகப் பதில் சொல்ல முடியும். அதனால் பிபிடியில் உள்ள கேள்விகளில் எது முதுகெலும்பு என்று பார்த்து அதை மட்டும் எடுங்கள். என்னைக் கேட்டால், "காற்றில் கூடியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு நம்மிடமிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை எடுக்கச் சொல்வேன். பெரும்பாலான பிபிடிகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. ஆனால் வகுப்பில் சந்தேகப்படுகிறவன் கேட்பது இதைத்தான்.

இதற்கு ஒரு ஸ்லைடு போதும், கீலிங் வளைகோடு. அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியதிலிருந்து வந்த கோடு அது. அங்கே ஆண்டுச் சராசரி 1959-இல் 316 பிபிஎம், 2024-இல் 424 தாண்டிவிட்டது. பிபிஎம் என்றால் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் எத்தனை என்ற கணக்கு, இதைக் கட்டாயம் வாயால் சொல்லுங்கள். அப்புறம், செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அது 310-இல் தொடங்கும், அதனால் கோடு வானத்துக்கு ஏறுவதுபோல் தெரியும். கூர்மையான ஒருத்தர் அதைப் பிடித்துக்கொண்டு, பெரிதுபடுத்திக் காட்டுகிறீர்கள் என்பார். தொழிற்புரட்சிக்கு முன் 280 அளவில் இருந்தது, 2024-இல் 424, பூஜ்யத்திலிருந்து வரைந்தாலும் ஒன்றரை மடங்குதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்தது.

கோடு ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்குவதையும் விளக்காமல் போகாதீர்கள். பூமியின் வட பாதியில்தான் நிலமும் காடும் அதிகம். அங்கே கோடையில் இலைகள் கார்பனை இழுத்துக்கொள்ளும், குளிர்காலத்தில் மக்கி வெளியே விடும். அதனால் மே மாதத்தில் உச்சம், செப்டம்பர் வாக்கில் தாழ்வு. தென் துருவத்தில் அளந்தால் இந்த ஆட்டம் மிகக் குறைவு, ஆனால் ஆண்டுக்காண்டு ஏறுவது அங்கேயும் அப்படியேதான் இருக்கிறது. எரிமலை மேல் உட்கார்ந்து அளந்தால் எரிமலை வாயுவைத்தானே அளப்பீர்கள் என்று கேட்பவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தென் துருவத்தில் எந்த எரிமலையும் பக்கத்தில் இல்லை. மௌனா லோவாவிலும் காற்று எரிமலை வாய்ப்பக்கமிருந்து வீசும்போது அளவு தாறுமாறாகத் துள்ளும், அந்த நேரத்து அளவுகளை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இனி ஒரு கணக்கு, போர்டில் எழுதிப் போடுங்கள். எரிபொருள், சிமென்ட், காடழிப்பு எல்லாம் சேர்த்து மனிதர்கள் ஆண்டுக்கு வெளியிடுவது ஏறக்குறைய 4,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு. காற்றில் ஒரு பிபிஎம் கூட சுமார் 780 கோடி டன் வேண்டும். வகுத்தால் ஐந்து. அதாவது ஆண்டுக்கு ஐந்து பிபிஎம் கூட வேண்டும். உண்மையில் கூடுவது இரண்டரை அளவில்தான்.

பலர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள், அப்படியென்றால் கணக்கு தப்பா என்று. தப்பில்லை. நீங்கள் உண்டியலில் மாதம் ஐந்நூறு போடுகிறீர்கள், இருப்பு இருநூற்றைம்பதுதான் கூடுகிறது என்றால், வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அதிலிருந்து எடுக்கிறார்கள், போடவில்லை. இங்கே எடுப்பது கடலும் செடிகொடிகளும். எனவே, கூடியது இயற்கையிலிருந்து வந்ததாக இருக்கலாமே என்ற வாதம் இந்த வகுத்தலிலேயே விழுந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை இதற்கே கொடுத்தாலும் தப்பில்லை. வகுப்பில் உள்ளவர்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. காடழிப்பைச் சேர்க்காத கணக்கு சில ஸ்லைடுகளில் 1,000 கோடி டன் என்றும் வேறு சிலவற்றில் 3,700 கோடி டன் என்றும் இருக்கும். முன்னது கார்பனின் எடை மட்டும், பின்னது ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடின் எடை. இரண்டுக்கும் இடையே 44-ஐ 12-ஆல் வகுத்த மடங்கு, சுமார் 3.7. உங்கள் கையில் இருக்கும் இரண்டு எண்கள் ஏறக்குறைய இந்த விகிதத்தில் முரண்பட்டால் அலகுதான் மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். இதைப் பார்க்காமல் ஒரு ஸ்லைடின் எண்ணை இன்னொன்றோடு சேர்த்தால் மேலே சொன்ன கணக்கே ஊத்திக்கொள்ளும்.

நேரம் மிச்சமிருந்தால் சாட்சிக்கு ஐசோடோப்பை, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை, கூப்பிடுங்கள். செடிகள் ஒளிச்சேர்க்கை செய்யும்போது கனமான கார்பன்-13-ஐக் கொஞ்சம் ஒதுக்கி, லேசான கார்பன்-12-ஐ அதிகம் எடுக்கின்றன. நிலக்கரியும் பெட்ரோலியமும் பழைய உயிர்களிலிருந்து வந்தவை, அதனால் அவற்றிலும் கார்பன்-13 குறைவு. அவற்றை எரிக்க எரிக்கக் காற்றில் கார்பன்-13-இன் பங்கு குறைய வேண்டும், குறைந்துகொண்டும் வருகிறது. எரிமலை வாயுவில் இந்த அளவுக்குக் குறைவு கிடையாது. இன்னொன்று, எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கூடுவதோடு காற்றில் ஆக்சிஜனும் மிக மிகச் சிறிதளவில் குறைந்துவருவதை அளந்திருக்கிறார்கள். மூச்சுவிடுவதற்கு அதனால் எந்தக் கஷ்டமும் இல்லை, அதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வகுப்பு அந்தப் பக்கம் ஓடிவிடும். கடல் சூடாகி வாயுவை வெளியே விட்டதுதான் காரணம் என்றால் கார்பன் டை ஆக்சைடு கூடுவதற்காக ஆக்சிஜன் செலவாக வேண்டிய தேவையே இருக்காது.

கார்பன்-14 பற்றி ஸ்லைடு இருந்தால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வாதம் சரிதான், அது காலப்போக்கில் சிதைந்துபோவதால் கோடிக்கணக்கான ஆண்டு பழைய நிலக்கரியில் மிஞ்சியிருக்காது, அதனால் நிலக்கரியை எரித்தால் காற்றில் அதன் பங்கு குறைய வேண்டும். ஆனால் 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-ஐக் கூட்டிவிட்டன. அதை விளக்கப் போனால் உங்கள் ஐந்து நிமிடம் அதிலேயே கரைந்துவிடும்.

கடைசி அரை நிமிடத்தில் இந்தப் பேச்சு எதை நிரூபிக்கவில்லை என்பதைச் சொல்லுங்கள். கூடிய வாயு யாருடையது என்றுதான் காட்டியிருக்கிறோம். அது எவ்வளவு சூட்டைக் கூட்டியது என்பது தனி வேலை, அதற்கு வேறு சான்றுகள் உண்டு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை, 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டு 1850-1900 காலத்தைவிட மனிதர்களால் சுமார் 1.07 டிகிரி சூடாகியிருக்கிறது என்று மதிப்பிடுகிறது. எந்தக் காலத்தோடு ஒப்பிட்டது என்பதைச் சொல்லாமல் அந்த 1.07-ஐ மட்டும் சொல்லாதீர்கள். நாசாவின் வரைபடங்கள் 1951-1980 சராசரியைப் பூஜ்யமாக வைத்து வரைந்தவை, அதே பிபிடியில் அதுவும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, பின்வரிசையிலிருந்து நிச்சயம் ஒரு கை உயரும்.