"தகுந்த சம்பளம்" என்று விளம்பரம் போடாதீர்கள்

"வயதான பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. வீட்டோடு தங்க வேண்டும். தகுந்த சம்பளம் தரப்படும்."

வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி இந்த மூன்று வரியைப் பார்க்கிறேன். கொஞ்ச நாளில் அதே வீட்டிலிருந்து அதே வரிகள் மறுபடி வரும். "வந்த ஆள் நிக்கலைங்க" என்பார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுப்பது என் தொழில். நான் பார்த்தவரை, முன்கூட்டிச் சொல்லாத வேலை தலையில் விழும்போதுதான் பெரும்பாலும் கிளம்பிவிடுகிறார்கள்.

மதுரையில் நான் போய்வரும் ஒரு வீட்டில், பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிய விளம்பரம் இது:

"பக்கவாதத்தால் வலது பக்கம் செயலிழந்த 76 வயது பெரியவர். எடை 68 கிலோ. ஒருவர் தாங்கினால் எழுந்து நிற்பார், நடக்க மாட்டார். பேச்சு குழறும், சொன்னால் புரிந்துகொள்வார். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆண் உதவியாளர் தேவை. குளிப்பாட்டுதல், டயப்பர் மாற்றுதல், சாப்பாடு ஊட்டுதல், சக்கர நாற்காலியில் உட்காரவைத்தல், நாங்கள் எடுத்துவைக்கும் மாத்திரைகளை நேரத்துக்குக் கொடுத்தல், அவர் துணியை மெஷினில் போடுதல். இரவில் 2 அல்லது 3 முறை எழ வேண்டியிருக்கும். சமையல், வீடு பெருக்குதல் கிடையாது. மதியம் 1 முதல் 4 வரை ஓய்வு. ஞாயிறு விடுமுறை. தனிக் கட்டில், மூன்று வேளை சாப்பாடு. சம்பளம் மாதம் 24,000 ரூபாய், 5ஆம் தேதிக்குள். ஆதார் நகலும், முன்பு வேலை பார்த்த ஒரு வீட்டின் போன் எண்ணும் வேண்டும்."

இதில் எடையை எதற்குப் போடுவது என்று மூத்த மகன் கேட்டார். நான் விடாப்பிடியாகப் போடச் சொன்னேன். இந்த வேலையில் முதுகை ஒடிப்பது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் அந்த ஒரு நிமிடம்தான். 68 கிலோ ஆளை ஒருவர் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. ஆனால் அவரே நல்ல காலை ஊன்றி நிற்பார் என்றால் ஒருவர் தாங்கித் திருப்பி உட்காரவைத்துவிடலாம். நாற்காலியை அவருடைய நல்ல பக்கம், அதாவது இடது பக்கம், போட வேண்டும். திரும்பக் கட்டிலுக்கு வரும்போதும் இடது பக்கமாகவே இறங்குகிற மாதிரி நாற்காலியைத் திருப்பி நிறுத்த வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். "எழுந்து நிற்பார், நடக்க மாட்டார்" என்ற ஒரு வரியைப் படித்ததுமே அனுபவமுள்ளவருக்குத் தன்னால் முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும். போனில் பேசும்போது, "கட்டிலில் இருந்து எப்படி இறக்குவீங்க?" என்று கேளுங்கள். நாற்காலியை நல்ல பக்கம் போடுவேன் என்று சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ராத்திரி. வீட்டோடு தங்குகிறவர் 24 மணி நேரமும் விழித்திருப்பார் என்று பலர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று முறை எழுந்து மறுபடி படுக்கலாம், அதற்குத்தான் மதியம் மூன்று மணி நேர ஓய்வு. அசையவே முடியாமல் படுத்திருப்பவரின் கதை வேறு. படுக்கைப் புண் வராமல் இருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடச் சொல்வோம். அதை ஒரே ஆளிடம் ஒப்படைத்தால் முதல் வாரத்திலேயே தூங்கிவிடுவார், இடுப்பெலும்பு மேல் தோல் சிவக்க ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று 12 மணி நேரம் பிரித்துத்தான் விளம்பரம் போட வேண்டும். இரண்டு சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றால் பகலுக்கு மட்டும் ஆள் வைத்து, இரவை வீட்டார் முறைபோட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், புண்ணுக்குக் கட்டு மாற்றுவது இதெல்லாம் இருந்தால் அதையும் எழுதுங்கள். அதற்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும், சம்பளமும் கூடும். உதவியாளர் சம்பளத்துக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு, குழாயைக் காட்டி "இதையும் பாத்துக்கோங்க" என்பது நோயாளிக்கே ஆபத்து. மூக்குக் குழாய் இடம் மாறியிருப்பது தெரியாமல் ஊற்றினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும்.

சம்பளத்தை மறைத்தால் பேரம் பேசலாம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் வீட்டு வாசலில் நின்று பேரம் பேச முடியாது, கிடைத்ததற்குத் தலையாட்டிவிட்டு, ஆயிரம் கூட வரும் இடம் தெரிந்ததும் போய்விடுவார். ஏஜென்சி மூலம் எடுத்தால், நீங்கள் கொடுக்கும் பணத்தில் அந்த ஆள் கைக்கு எவ்வளவு போகிறது என்று அவரிடமே கேளுங்கள். வீட்டுக்காரர் 24,000 கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, வேலை செய்கிறவர் அதைவிட நன்றாகக் குறைந்த தொகைக்கு உழைத்துக்கொண்டிருப்பார்.

அந்த மதுரை வீட்டில் ஞாயிறு விடுமுறை என்று எழுதும்போதுதான் பெரிய விவாதமே வந்தது. அன்றைக்கு யார் அப்பாவைக் குளிப்பாட்டுவது? மூன்று பிள்ளைகளும் முறை வைத்துக்கொள்ளச் சம்மதித்த பிறகுதான் விளம்பரத்தை அனுப்பினோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை மூன்று பேருக்கும் அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.