பீடி பிடிக்காத பெரியம்மாவும் 190 என்ற கணக்கும்

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?"ன்னு கேட்டதும் பெரியம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டு சிரிச்சிட்டாங்க. கடலூர் பக்கத்து கிராமம், 62 வயசு. அந்த "இல்ல"யை நம்பியே ஆறு வருஷமா ஆஸ்துமான்னு மருந்து எழுதித் தந்தாங்க. அடுப்பைப் பத்தி ஒருத்தரும் கேட்கல.

போன மாசம் புதுச்சேரியில ஒரு டாக்டரம்மாதான் கேட்டாங்க: தினம் எத்தனை மணி நேரம் அடுப்படி, எத்தனை வருஷம்? 16 வயசுல கல்யாணம். சவுக்கு மிலாறும் முந்திரிச் சருகும்தான் எரிச்சது. கேஸ் வந்தது 54 வயசுல. நெல் அவிச்ச நேரத்தைக் கணக்குல சேர்க்கலைன்னாலும் தினம் 5 மணி நேரம், 38 வருஷம். பெருக்கினா 190. சிகரெட்டுக்கு பாக்கெட் கணக்கு மாதிரி புகைக்கு இது.

அப்புறம் ஸ்பைரோமெட்ரி, ஊதுற டெஸ்ட். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்புடமால் மருந்தை இழுத்த பிறகு ஊதினதுல மொத்தக் காத்து 1.90 லிட்டர், முதல் செகண்டுல வந்தது 1.10. வகுத்தா 0.58. மருந்துக்குப் பிறகும் 0.70-க்குக் கீழேயே நின்னா அடைப்பு நிலையானதுன்னு அர்த்தம். ஆஸ்துமான்னா பெரும்பாலும் மருந்துக்கு அப்புறம் நல்லா ஏறியிருக்கும். இவங்களுக்கு முதல் செகண்டு காத்து ஏறினது வெறும் 80 மில்லி. மூச்சுக்குழாய் அடைப்பு நிரந்தரமாத் தங்கிடுற நோய், சிஓபிடின்னு எழுதினாங்க.

ஆனா பீடிக்காரர் நுரையீரல் மாதிரி இல்ல இது. புகையிலை காத்துப் பைகளோட சுவரையே அரிச்சு ஓட்டையாக்கும், எம்பைசிமா. அதனால ஆக்சிஜன் ரத்தத்துக்குள்ள போறதும் குறையும். விறகுப் புகை பெரும்பாலும் மூச்சுக்குழாய்கள்ல வேலையைக் காட்டுது: சின்னக் குழாய்கள் தடிச்சு, வடுவாகி, இடுங்கிடும். கரி படிஞ்ச திட்டும் இருக்கும். பெரியம்மாவோட சிடி ஸ்கேன்லயும் பைகள் பெரிசா கெடல, குழாய்ச் சுவர்தான் தடிப்பு. இருமலும் சளியும் ஓயாததுக்குக் காரணம் புரிஞ்சது.

மெக்சிகோவுல 15 வருஷம் பின்தொடர்ந்து பார்த்திருக்காங்க. முதல் செகண்டு காத்து புகையிலைக்காரங்களுக்கு வருஷத்துக்கு 42 மில்லி குறைஞ்சுது, விறகுப்புகைக்காரங்களுக்கு 23. அதனால லேசான நோய்னு நினைச்சிடாதீங்க. மெதுவா தேயுதுங்கிறதாலதான் "வயசாச்சு"ன்னு நாமளும் விட்டுடறோம். பெரியம்மாவால இன்னிக்கு கிணத்தடியிலிருந்து ஒரு குடத்தை நிக்காம தூக்கிட்டு வர முடியாது.

எனக்குக் கோபம் வர்ற இடம் வேற. இந்த நோய்க்கான இன்ஹேலர் சோதனைகள்ல பலதுல சேரணும்னா குறைஞ்சது 10 வருஷம், தினம் ஒரு பாக்கெட் அளவுக்குப் புகைச்சிருக்கணும்னு நிபந்தனை. புகைக்காத பொம்பளைங்க வாசல்லயே நின்னுட்டாங்க. அவங்களுக்கு எந்த மருந்து எவ்வளவு கேட்கும்ங்கிறதை, பீடிக்காரர் நுரையீரலை வச்சு ஊகிக்கிறோம்.

போன ஞாயித்துக்கிழமை விடியக்காலையில ஊருக்குப் போய் இறங்கினா கொல்லைப்புறம் புகை. குளிக்க வெந்நீராம். "கேஸை அதுக்கெல்லாம் செலவு பண்ணுவாங்களா?"ன்னு கேட்டுட்டு, குனிஞ்சு ஊதாங்குழலை எடுத்தாங்க. நான் 54 வயசோட கணக்கை நிறுத்தியிருந்தேன்.