‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் கேட்டால் குழந்தையின் புரிதல் தெரியுமா?

‘குதிரைகளில் சில வேலியைத் தாண்டின’ என்று ஒருவர் சொன்னால், எல்லாக் குதிரைகளும் தாண்டவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். அவர் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. எல்லாம் தாண்டியிருந்தால் ‘எல்லாம்’ என்றே சொல்லியிருப்பாரே, சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்று நாமே கணித்துக்கொள்கிறோம். ‘காப்பி அல்லது டீ தருவார்கள்’ என்றால் இரண்டும் கிடைக்காது என்று நினைப்பதும் இதே கணக்குதான். ‘சில’ என்பதற்கு மேலே ‘எல்லாம்’ இருக்கிறது, ‘அல்லது’ என்பதைவிடக் கூடுதலாகச் சொல்ல ‘இரண்டும்’ இருக்கிறது. வலுவான சொல் கைவசம் இருந்தும் வலுக்குறைந்த சொல்லை ஒருவர் எடுத்தால், வலுவானது பொருந்தவில்லை என்று கேட்பவர் ஊகிக்கிறார். மொழியியலில் இதற்கு ‘ஸ்கேலார் இம்ப்ளிகேச்சர்’ என்று பெயர். இங்கே குறிப்புப்பொருள் என்று எளிமையாகச் சொல்கிறேன். உரையாடலில் இத்தகைய பொருள் எப்படிப் பிறக்கிறது என்பதை விளக்கியவர் பால் கிரைஸ். இந்தச் சொற்களை வலிமை வரிசைகளாக அடுக்கிக் காட்டியவர் லாரன்ஸ் ஹார்ன்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு வராது என்ற முடிவு பல பாடநூல்களிலும் வகுப்பறைகளிலும் இன்னும் உலவுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த முடிவு எந்தக் கேள்வியிலிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் அதை ஏற்கக் கூடாது என்பதே என் வாதம்.

பிரான்சில் ஐரா நோவெக் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ‘சில ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நீண்ட கழுத்து உண்டு’ என்பது போன்ற வாக்கியங்களைச் சொல்லி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்டார். எல்லாவற்றுக்குமே நீண்ட கழுத்து இருப்பதால் தர்க்கப்படி வாக்கியம் உண்மைதான், ஆனால் சொல்லும் விதம் பொருத்தமற்றது. ஏழெட்டு வயதுக் குழந்தைகள் 89 விழுக்காடு நேரங்களில் ஒத்துக்கொண்டார்கள், பத்து வயதினர் 85 விழுக்காடு, பெரியவர்கள் 41 விழுக்காடு. குழந்தைகள் பெரியவர்களைவிடத் தர்க்கவாதிகளாக இருக்கிறார்கள் என்ற கருத்து இதிலிருந்துதான் பரவியது. இதைச் சொல்பவர்கள் 41 என்ற எண்ணைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார்கள். பெரியவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக அந்த வாக்கியத்தை ஏற்றிருக்கிறார்கள் என்றால், இந்தக் கேள்விக்கு ஒரே ‘சரியான விடை’ இருப்பதாக வைத்துக்கொண்டு குழந்தைக்கு மதிப்பெண் போட முடியாது.

பெரியவர்களுக்கும் இந்தக் கணக்குக்கு நேரம் தேவைப்படுகிறது. லூயிஸ் பாட்டும் நோவெக்கும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ‘சில யானைகள் பாலூட்டிகள்’ போன்ற வாக்கியங்களுக்கு விடை சொல்லச் சிலருக்கு 0.9 விநாடியும் மற்றவர்களுக்கு 3 விநாடியும் தந்தார்கள். நேரம் குறைவாக இருந்தபோது 72 விழுக்காடு விடைகள் ‘உண்மை’ என்று வந்தன. நேரம் கூடியபோது அது 56 விழுக்காடாகக் குறைந்தது. குறிப்புப்பொருள் காதில் விழுந்தவுடன் தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

குழந்தைகளிடம் திரும்புவோம். அன்னா பாப்பாஃப்ராகூவும் ஜூலியன் முசொலினோவும் கிரேக்க மொழி பேசும் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, குதிரைகள் அனைத்தும் வேலியைத் தாண்டும் காட்சியைக் காட்டினார்கள். பிறகு ஒரு பொம்மை ‘சில குதிரைகள் தாண்டின’ என்றது. குழந்தைகள் அதைத் தவறென்று மறுத்தது 12.5 விழுக்காடுதான், பெரியவர்களோ கிட்டத்தட்ட எப்போதும் மறுத்தார்கள். அடுத்த சோதனையில், பொம்மை சில நேரம் பொருத்தமில்லாமல் பேசும், அதை நன்றாகப் பேச வைக்க உதவுங்கள் என்று முதலில் பழக்கிவிட்டு, யார் எதில் வெற்றி பெற்றார்கள் என்பதே முக்கியமாகும்படி கதையையும் அமைத்தார்கள். மறுப்பு 52.5 விழுக்காட்டுக்கு ஏறியது. அதே வயது, அதே சொல். வராத கணக்கு ஒன்று சிறு பழக்கத்தில் பாதிக்கு மேல் வந்துவிடுமா?

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, நப்போலியன் காட்சோஸும் டொரோத்தி பிஷப்பும் 2011-இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்குக் கணினித் திரையில் ஒரு குகை மனிதர் வருவார். அவர் இன்னும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர். எலி கேரட்டுகள் எல்லாவற்றையும் எடுப்பதைக் குழந்தை பார்த்த பிறகு, குகை மனிதர் ‘எலி கேரட்டுகளில் சிலவற்றை எடுத்தது’ என்பார். சரியாகச் சொன்னாரா என்று கேட்டால், குழந்தைகள் ‘இல்லை’ என்று சொல்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அடுத்த சோதனையில் கேள்வியை மட்டும் மாற்றினார்கள். குகை மனிதருக்குச் சிறிய, பெரிய, மிகப் பெரிய ஸ்ட்ராபெரிகளில் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கலாம். முழுப் பொய்க்குக் குழந்தைகள் சிறியதைக் கொடுத்தார்கள், ‘எல்லாம்’ என்ற சரியான விடைக்கு மிகப் பெரியதைக் கொடுத்தார்கள், ‘சில’ என்ற அரைகுறை விடைக்கு நடுப்பழத்தைக் கொடுத்தார்கள். பெரியவர்களும் அப்படியே செய்தார்கள். ஆக, குறை இருப்பதைக் குழந்தை கவனித்திருக்கிறது, அதற்காகப் ‘பொய்’ என்று சொல்லும் அளவுக்கு அதைக் கடுமையாகக் கருதவில்லை. இரண்டே கட்டங்கள் உள்ள விடைத்தாளில் இந்தப் பொறுமையும் அறியாமையும் ஒரே கட்டத்தில் போய் விழுகின்றன.

இதற்கும் ஓர் எல்லை உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. நடுப்பழம் கொடுத்த குழந்தை, ‘இவர் குறைவாகச் சொன்னார்’ என்று மட்டும் உணர்ந்திருக்கலாம். ‘எல்லாம் இல்லை என்கிறார்’ என்ற அடுத்த படியை எடுத்தது என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. டேவிட் பார்னரும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் காட்டியது இங்கே பொருந்துகிறது. படத்தில் மூன்று விலங்குகளும் தூங்குகின்றன. ‘விலங்குகளில் சில மட்டும்தான் தூங்குகின்றனவா?’ என்று கேட்டாலும் நான்கு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் ‘ஆம்’ என்றார்கள். ஆனால் மூன்றில் இரண்டின் பெயரைச் சொல்லி, இவை மட்டும்தானா என்று கேட்டபோது சரியாக மறுத்தார்கள். ‘மட்டும்’ என்பது மற்றவற்றை விலக்கும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. ‘சில’ என்று கேட்டதும் ‘எல்லாம்’ என்ற மாற்றுச் சொல் தானாக நினைவுக்கு வருவதுதான் இன்னும் கூடவில்லை. தடங்கல் ஊகத்தில் இல்லை, ஊகத்துக்கு வேண்டிய மாற்றுச் சொல்லை எட்டிப்பிடிப்பதில் இருக்கிறது. எனக்கு மிகவும் நம்பத்தகுந்த விளக்கம் இதுதான்.

‘அல்லது’ விஷயத்தில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. படத்தில் இருப்பவை இரண்டே பொருள்கள் என்னும்போது, ‘பையன் ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ வைத்திருக்கிறான்’ என்ற வாக்கியத்தை, பையனிடம் இரண்டும் இருந்தால் சரி, ஒன்றுதான் இருந்தால் தவறு என்று பல குழந்தைகள் தீர்ப்பளித்தார்கள். குழந்தைக்கு ‘அல்லது’ என்பது ‘இரண்டும்’ என்ற பொருள் தருகிறது என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டினார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள் பேச்சில் வராத மூன்றாவது பொருள் ஒன்றையும் காட்சியில் சேர்த்தபோது, அந்த விசித்திரமான விடைகள் வெகுவாகக் குறைந்தன. இரண்டே பொருள்களை வைத்துக்கொண்டு ‘அல்லது’ என்று பேசுவதில் பேசுபவர் எதையுமே விலக்குவதில்லை, அதனால் குழந்தை வேறு ஏதோ கேட்கப்படுவதாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே இனி யாராவது ‘குழந்தைகளுக்கு இது வராது’ என்று ஒரு விழுக்காட்டைக் காட்டினால், நான் மூன்று விவரங்களைக் கேட்பேன். விடை சொல்ல எத்தனை படிகள் தரப்பட்டன? ‘எல்லாம்’ என்ற சொல் அதே சோதனையில் முன்னதாகக் காதில் விழுந்ததா? அதே கேள்விக்குப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? இவை தெரியாதவரை அந்த எண் குழந்தையின் புரிதலைப் பற்றியதா, கேள்வியின் அமைப்பைப் பற்றியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.