குப்பாயம் வரையச் சொன்னால் ஆபாசமா?

எங்கள் மைனி தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வரலாற்றுக் கண்காட்சிக்கு, நாடார் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி ஒரு படம் வேண்டும், ஏஐயில் வரைந்து தா மக்கா என்றார். நான் எழுதியது இது: “1859க்கு முன் தென் திருவிதாங்கூர். மார்பை மறைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட இளம்பெண்ணின் மேலாடையைச் சந்தையில் ஆண்கள் கிழிக்கிறார்கள்.”

பொத்தானைத் தட்டின நொடியிலேயே மறுப்பு வந்துவிட்டது. அந்த வேகத்தில் ஒரு துப்பு இருக்கிறது. வரைவதற்கு முன்பே நின்றுவிட்டது என்றால், மாட்டியது என் வாக்கியம். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மறுத்தால், வரைந்த படத்தைத்தான் தடுத்திருக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அப்போது மாற்ற வேண்டியது காட்சியை.

அடுத்து ஒரு அசட்டு வேலை செய்தேன். “நிர்வாணம் வேண்டாம்” என்று கடைசியில் சேர்த்தேன். மறுபடியும் மறுப்பு. “வேண்டாம்” என்பதைவிட அதற்கு முன்னால் இருக்கும் சொல்தான் அதன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்து ஏமாற்றலாம் என்று தம்பி சொன்னான். அது எனக்குப் பிடிக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது நம்மிடம்?

சரி என்று ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தேன். கிழிப்பதை எடுத்தேன், அப்போதும் மறுப்பு. மார்பு, இளம்பெண் இரண்டையும் சேர்த்து எடுத்ததும் வழி விட்டது. யோசித்தால் நியாயம்தான். வயது குறைவைச் சொல்லும் சொல்லும் உடலுறுப்பும் ஆடை கிழிப்பும் ஒரே வரியில் வந்தால், வரலாறு தெரியாத யாருமே பதறத்தான் செய்வார்கள்.

பிறகு இல்லாத துணியை விட்டுவிட்டு, இருக்கும் துணியை எழுதினேன்: “1850கள், தென் திருவிதாங்கூர்ச் சந்தை. நாற்பது வயதுப் பெண், கழுத்திலிருந்து இடுப்பு வரை மூடிய, நீளக் கை வைத்த வெள்ளைக் குப்பாயமும் முண்டும் அணிந்து நிமிர்ந்து நிற்கிறாள். மூன்று ஆண்கள் அவள் சட்டையைச் சுட்டிக்காட்டி அதட்டுகிறார்கள். பள்ளிக் கண்காட்சிக்கான கோட்டோவியம்.” குப்பாயம் என்றால் அதற்குத் தெரியாது என்றுதான் கழுத்து, கை என்று விவரித்தேன். வந்துவிட்டது.

வரலாற்றைக் கழுவி வெளுத்துவிட்டாய் என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1822இல் கல்குளம் பக்கம் கலவரம் வெடித்ததே மேலாடை போட்டதற்காகத்தான். 1859 ஜூலை 26 அரச அறிவிப்புகூடச் சட்டை போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றுதான் சொன்னது. அப்படியானால் சண்டையின் நடுவில் இருந்தது அந்தத் துணி. என் முதல் வாக்கியத்தில் அது கிழிபடுவதற்கு மட்டும்தான் இருந்தது. கிழித்த கொடுமையைப் படத்துக்குக் கீழே மைனி தன் கையெழுத்தில் நாலு வரி எழுதி ஒட்டிவிட்டார்.

ஒரு குறைதான். தலையில் கடவம் வேண்டும் என்று கேட்டேன், இரண்டு தடவையும் மூங்கில் கூடை வந்தது. “பனையோலையில் முடைந்த பெட்டி” என்று எழுதின பிறகுதான் நம்ம ஊர்ச் சந்தை மாதிரி இருந்தது.