ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று எழுதினால் அது இரட்டை முகமா?

ஞாயிற்றுக்கிழமை நம் வழிகாட்டிகள் குழுவில் வந்த அந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வழிகாட்டிகள் தங்களைப் பற்றி எழுதி வைக்கிற தளத்தில் நான் இரண்டு மொழியில் போட்டிருக்கும் அறிமுகம்தான் அது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். கீழே, "வெள்ளைக்காரனுக்கு ஒரு பேச்சு, நம்மாளுக்கு ஒரு பேச்சு" என்று ஒரு வரி. பதினோரு பேர் சிரித்திருந்தீர்கள். அதில் நான்கு பேருக்கு அவர்களுடைய அறிமுகத்தை உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததே நான்தான். மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

ஆமாம், இரண்டும் வேறு வேறுதான். தெரிந்துதான் அப்படி எழுதினேன். இரண்டாவது மொழியில் அறிமுகம் சேர்ப்பது என்றால் முதலாவதை வரிக்கு வரி பெயர்த்து வைப்பது இல்லை. படிக்கப்போகிற ஆள் வேறு, அவர் கேட்கிற கேள்வியும் வேறு.

கொடைக்கானலுக்குப் பறவை பார்க்கவென்றே வருகிறவர் ஆங்கிலத்தில் படிக்கிறார். அவருக்குப் பட்டியல் வேண்டும். பழனிச் சிரிப்பான் உண்டா, நீலகிரி காட்டுப்புறா உண்டா, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். திண்டுக்கல்லில் இருந்து பிள்ளைகளோடு வருகிற குடும்பம் தமிழில் படிக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டி வரலாமா, மழைக்காலத்தில் அட்டை கடிக்குமா, காலைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். இது நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. போனில் தினமும் கேட்கிற கேள்விகள். அதற்குப் பதில் எழுதினேன். இது எப்படி இரட்டை முகம் ஆகும்?

முதல்முறை நானும் நீங்கள் சொல்கிற மாதிரிதான் செய்தேன். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து, 'பறவை நோக்குதல் சார்ந்த இயற்கை வழிகாட்டுநர்' என்று போட்டேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டவர், "இது என்ன உத்தியோகம்டா?" என்றார். "சோலைக்குள்ள கூட்டிட்டுப் போய் குருவி காட்டுறேன்மா." "அதை எழுத வேண்டியதுதானே?" அதைத்தான் எழுதினேன். 'சோலைக்குள் நடந்து போய்ப் பறவை காட்டுகிறேன்.' இன்றைக்கும் என் தமிழ் அறிமுகத்தின் முதல் வரி அதுதான். நீங்கள் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிய வரி.

எதை எந்த மொழியில் வைப்பது என்பதற்கு நான் கைக்கொள்வது ஒன்றுதான். ஒருவர் தேடவோ, சரிபார்க்கவோ தட்டச்சு செய்கிற சொல்லை மாற்றக் கூடாது. புரிந்துகொள்ளப் படிக்கிறதை அந்தந்த மொழியில் புதிதாக எழுத வேண்டும். சான்றிதழில் இருக்கிற பெயர், அதே எழுத்தில் அப்படியே இரண்டிலும் இருக்க வேண்டும். இனிஷியலில்தான் நம் ஆட்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். அப்பா பெயர் பாலன் என்றாலும் பாண்டியன் என்றாலும் தமிழில் 'பா.' தான். ஆங்கிலத்தில் ஒன்று B, இன்னொன்று P. தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர் சான்றிதழைப் பார்க்காமல் P என்று போட்டால், சரிபார்க்கிறவருக்கு அது வேறு ஆள். ஊர்ப் பெயரும் அப்படித்தான். 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள், நினைவிருக்கிறதா? உச்சரிப்புக்குச் சரியாக எழுதுவது நல்ல ஆசைதான். ஆனால் தேடுகிறவன் Kodaikanal என்றுதானே அடிக்கிறான்? அதில் என் ஆசைக்கு இடம் இல்லை.

பறவைப் பெயருக்குத் தமிழில் 'பழனிச் சிரிப்பான்' என்று எழுதி, பக்கத்தில் ஆங்கிலப் பெயரையும் வைத்தேன். ஏனென்றால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை படம் தேடும்போது அதைத்தான் அடிக்கும். "தமிழ்ப் பக்கத்தில் எதற்கு இங்கிலீஷ்" என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

"அப்போ ஆங்கிலப் பக்கத்தில் ஏன் shola என்று தமிழை வைத்தாய், forest என்று போட வேண்டியதுதானே?" இதைக் கேட்டதுதான் எனக்கு வலித்தது. சோலை வெறும் காடு இல்லை. புல்வெளி மேட்டுக்கு நடுவே, தண்ணீர் இறங்குகிற மடிப்பில் ஒதுங்கி நிற்கிற குட்டை மரக்காடு. அதைச் சொல்ல ஆங்கிலத்திடம் சொல் இல்லாமல் நம்மிடம் வாங்கிக்கொண்டது. 2017ல் நம் மலைகளின் நீலக் குருவிகளுக்குப் புதிய பேரினம் வகுத்தபோது ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயரே Sholicola. சோலையில் வாழ்வது என்று பொருள். அறிவியல் பெயருக்குள்ளேயே போய் உட்கார்ந்த நம் சொல்லை, என் அறிமுகத்தில் நானே அழித்துவிட்டு forest என்று போட வேண்டுமா? மாட்டேன்.

சரி, ஒரு குற்றச்சாட்டு நியாயமானது. ஆங்கிலத்தில் கட்டணம் இருக்கிறது, தமிழில் இல்லை. அது என் தவறு. ஆனால் மறைக்கவில்லை. அந்தத் தளத்தில் போன் நம்பர், படம், கட்டணத்துக்கு என்று தனிக் கட்டங்கள் உண்டு. அங்கே ஒருமுறை போட்டால் இரண்டு மொழியிலும் வரும். விவரிப்பு மட்டும் மொழிக்கு ஒன்று. நான் கட்டணத்தை ஆங்கில விவரிப்புக்குள் எழுதி வைத்திருந்தேன். இதே தவறால் போன டிசம்பரிலும் பட்டேன். புறப்படுகிற நேரத்தை ஆறு மணி என்று ஆங்கிலத்தில் மாற்றினேன், தமிழில் பழைய ஏழு மணி அப்படியே நின்றது. ஒரு குடும்பம் ஏழு மணிக்கு வட்டக்கானலில் வந்து இறங்கியது. மற்றவர்களோடு நான் சோலைக்குள் போய்விட்டேன், உள்ளே சிக்னலும் இல்லை. அந்த அம்மா குளிரில் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. பணம் வாங்கவில்லை, மறுநாள் கூட்டிப்போனேன். ஆனாலும் அந்தக் காலை அவர்களுக்குப் போனது போனதுதான். அதனால் மாறக்கூடிய எண் எதையும் விவரிப்புக்குள் வைக்காதீர்கள். கட்டத்தில் போடுங்கள்.

இன்னொன்றையும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். போன் தமிழில் இருப்பவருக்குத்தான் அந்தத் தளம் தமிழ் அறிமுகத்தைக் காட்டும். நம் ஆட்களில் எத்தனை பேர் போனைத் தமிழில் வைத்திருக்கிறோம்? தமிழில் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கூட, கடையில் வாங்கியபடி ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார். அவருக்கு என் ஆங்கிலப் பக்கம்தான் திறக்கும். அதனால்தான் ஆங்கில அறிமுகத்தின் உச்சியில் என் பெயரைத் தமிழிலும் எழுதி, 'தமிழில் பேசலாம், கூப்பிடுங்கள்' என்று ஒரு வரி வைத்தேன். அதையும் "விளம்பரம்" என்றார் ஒருவர். பூம்பாறையில் இருக்கும் என் மாமா என் பக்கத்தைத் திறந்து கண்டுபிடித்துப் படித்த ஒரே வரி அதுதான். போன் பண்ணி, "உன் பேரு தமிழ்ல இருக்குடா" என்றார். அதைப் போய் விளம்பரம் என்கிறீர்கள்.

உண்மை இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வனத்துறை அனுமதி இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று இரண்டிலும் இருக்கிறது. கூட்டை நெருங்கிப் படம் எடுக்க விடமாட்டேன் என்று இரண்டிலும் இருக்கிறது. பறவையைக் கண்டிப்பாகக் காட்டுவேன் என்று எதிலும் இல்லை. இதில் ஒன்றாவது மாறியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் போடுங்கள், நானே தலைகுனிகிறேன். ஆனால் நம்மூர்க்காரர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார் என்று தெரிந்து அதை எழுதியதற்கு ஏன் சிரிக்கிறீர்கள்? தமிழில் எளிமையாக எழுதினால் மட்டம், ஆங்கிலத்தில் எளிமையாக எழுதினால் தெளிவு. இந்தப் பார்வை நமக்கு எங்கிருந்து வந்தது?

நேற்று இரவு கட்டணத்தைக் கட்டத்தில் போட்டுவிட்டேன். ஒரு போனைத் தமிழிலும் ஒன்றை ஆங்கிலத்திலும் வைத்து, அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். எண்கள் சரியாக இருக்கின்றன. முதல் வரியை மாற்றவில்லை.