ஆடிப் பதினெட்டை ஆடிப் பதினேழாக்கிய கதை

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன்டா, நாம ஒகேனக்கல் போனது ஆடிப் பதினெட்டுக்குத்தானே? இது ஆகஸ்ட் ஒண்ணுன்னு காட்டுது. அதுவும் ராத்திரி பதினொன்னே காலாம். ராத்திரி பதினொரு மணிக்கு எவன்டா ஆத்துல குளிப்பான்?"

மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, 31,000 படங்களை, இணையத்தில் படம் சேமித்துவைக்கும் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாற்றி முடித்த மறுநாள் இது. பெயர்கள் வேண்டாம். பழைய கடை, புதிய கடை என்றே வைத்துக்கொள்வோம். பழைய கடையில் இடம் நிரம்பிவிட்டது, சந்தாவும் ஏறிக்கொண்டே போனது. குடும்பத்தில் எல்லோரும் ஏற்கெனவே புதிய கடையில் இருந்தார்கள். மாற்றிவிடலாம், அதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய கடையில் 'உங்கள் தரவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் இரண்டு நாள் கழித்து மெயில் வரும். இணைப்பு ஒரு வாரத்துக்குத்தான் உயிரோடு இருக்கும். மொத்தம் 212 ஜிபி. 50 ஜிபி ஜிப்பாகக் கேட்டேன். தருமபுரியில் சாயங்காலம் ஒரு காற்று அடித்தாலே கரண்ட் போகும். 47 ஜிபி வந்த பிறகு போனது. மறுபடி முதலிலிருந்து. சரி, 2 ஜிபி துண்டுகளாகக் கேட்போம் என்று கேட்டால் 110 துண்டு வந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, பொறுமை இருந்தால் முடிந்துவிடும். வயிற்றெரிச்சல் அதற்கப்புறம்தான்.

வீடு காலி பண்ணும்போது பாத்திரத்தையெல்லாம் ஒரு மூட்டையிலும் மூடியையெல்லாம் வேறொரு மூட்டையிலும் கட்டி, மூடியின் பெயரையும் பாதியோடு வெட்டிவிட்டு வண்டியில் ஏற்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசன் கோப்பு. படம் எடுத்த நாள், இடம், நாம் எழுதிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். பல படங்களுக்கு அவை படத்துக்குள் இருக்காது. `IMG_20160802_045012.jpg` என்ற படத்துக்கு மூடியின் பெயர் `IMG_20160802_045012.jpg.supplemental-metadata.json`. இதுவரை சரி. பெயர் கொஞ்சம் நீண்டால் வாலை வெட்டிவிடுகிறார்கள். கடைசியில் HDR என்று சேர்ந்த படத்துக்கு மூடி `IMG_20160802_045012_HDR.jpg.supplemental-metad.json` என்று வந்தது. ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் இன்னும் கூத்து. படத்தில் (1) என்பது .jpg-க்கு முன்னால் இருக்கிறது, மூடியில் .json-க்கு முன்னால். இதில் படம் பதினேழாவது ஜிப்பில், மூடி பதினெட்டாவது ஜிப்பில். ஒவ்வொரு ஜிப்பாகப் பிரித்துத் திருத்தலாம் என்று ஆரம்பித்தவன் நான். செய்யாதீர்கள். எல்லா ஜிப்பையும் ஒரே இடத்தில் கொட்டிய பிறகுதான் ஜோடி சேரும்.

இதெல்லாம் தெரியாமல் முதல் தடவை அப்படியே புதிய கடையில் ஏற்றினேன். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு உள்ளே தேதியே கிடையாது. அத்தனையும் நான் ஜிப்பைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்தன. ஒரே நாளில் நாலாயிரத்துச் சொச்சம் படம். பொங்கலும் காதுகுத்தும் மாமாவின் காரியமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடந்த மாதிரி.

ஓசூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மச்சானுக்குப் போன் போட்டேன். "மாமா, ஒரு ஸ்கிரிப்ட் தர்றேன், ஜேசன்ல இருக்கிற தேதியை எல்லாப் படத்துலயும் எழுதிடும்" என்றான். எழுதியது. 'எல்லாப் படத்திலும்' என்ற வார்த்தையில்தான் வினை இருந்தது.

அம்மா காட்டிய அந்த ஒகேனக்கல் படத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன்.

```
"photoTakenTime": {
  "timestamp": "1470093612",
  "formatted": "Aug 1, 2016, 11:20:12 PM UTC"
}
```

அந்த எண், 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆனது என்ற கணக்கு. அந்த நள்ளிரவு யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி. நம் ஊருக்கு அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டினால் ஆகஸ்ட் 2, காலை 4:50:12. கோப்பின் பெயரிலேயே 045012 என்று பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது பாருங்கள். கூட்டம் வருவதற்குள் குளித்துவிடலாம் என்று பென்னாகரத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிப் போனோம், எனக்கு நன்றாக ஞாபகம். மச்சானின் ஸ்கிரிப்ட் ஐந்தரை மணியைக் கூட்டாமல் யுடிசியை அப்படியே எழுதிவிட்டது. பகலில் எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. மதியம் இரண்டு மணி காலை எட்டரை ஆகும், யார் பார்க்கப்போகிறார்கள்? காலை ஐந்தரைக்கு முன் எடுத்தவைதான் முதல் நாளுக்குத் தாவும். நம் வீட்டில் முகூர்த்தம், கிரகப்பிரவேசம், ஆடிக் குளியல் எல்லாமே விடியற்காலைதான்.

கொடுமை என்னவென்றால், அந்தப் படத்துக்குத் திருத்தமே தேவைப்படவில்லை. போன் எடுக்கும்போதே படத்துக்குள் இருக்கும் எக்ஸிஃப் என்ற குறிப்பில் 4:50 என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் அது எந்த ஊர் 4:50 என்று எழுத எக்ஸிஃபில் அதுவரை ஒரு கட்டமே கிடையாது. 2016 ஜூலையில் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்த்தார்கள். 1995-இல் பிறந்த ஒரு தரத்துக்கு உலகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் இருக்கிறது என்று தெரிய 21 வருஷம் ஆகியிருக்கிறது! என் பழைய போனுக்கு அந்தப் புதுக் கட்டம் தெரியாது. ஆக, சரியாக இருந்ததை நாங்களே கெடுத்தோம். நல்லவேளை, ஜிப்புகளை அழிக்கவில்லை. மறுபடி பிரித்தேன்.

இந்தத் தடவை, உள்ளே தேதி இல்லாத படத்தை மட்டும் தொடும்படி எழுதினேன். exiftool இலவசம், இருபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது, இந்தப் பிழைப்புக்கு அது ஒன்றுதான் யோக்கியமான கருவி.

```
exiftool -r -ext jpg -if 'not $DateTimeOriginal' -d %s \
 -tagsfromfile "%d%F.supplemental-metadata.json" \
 "-DateTimeOriginal<PhotoTakenTimeTimestamp" .
```

`-d %s` என்றால் அந்த நொடிக் கணக்கைக் கம்ப்யூட்டரின் நேரத்துக்கு மாற்றிப் படிக்கும். அதனால் கம்ப்யூட்டரின் நேர மண்டலம் இந்தியா என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடி கிடைக்காத படத்தைத் திரையில் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே போகும். அந்தத் திட்டைச் சேமித்து வையுங்கள், வால் வெட்டுப்பட்ட மூடிகளின் பட்டியல் அதுதான். எனக்கு 600-க்கு மேல் வந்தது.

முடிந்தது என்று காலை நீட்டினேன். அப்பா வந்தார்.

"எங்க கல்யாணம் 2018-லயாடா நடந்துச்சு?"

அம்மா அப்பா கல்யாணம் 1987 ஆவணியில், கிருஷ்ணகிரியில். கறுப்பு அட்டை ஆல்பத்தில் 64 படங்கள், இடையில் அந்தச் சிலந்திவலைத் தாள். 2018-இல் அதை மாடியில் வெயிலில் விரித்துவைத்து போனில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். பழைய கடையில் ஏற்றி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 64-க்கும் தேதியைக் கையால் 1987 என்று மாற்றினேன். அந்த உழைப்பு எங்கே போனது தெரியுமா? கடையின் கணக்கு நோட்டுக்கு. படத்துக்குள் ஒரு எழுத்துகூட மாறவில்லை. உள்ளே போன் எழுதிய 2018 அப்படியே இருந்தது. என் கட்டளையோ 'தேதி இருந்தால் தொடாதே' என்று சொல்லிவிட்டது. நான் பிறந்து, படித்து, எனக்கும் கல்யாணம் ஆன பிறகு அவர்களுக்குக் கல்யாணம்!

இதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். ஓகே பொத்தானை அமுக்கும்போது 'இது எங்கள் நோட்டில் மட்டும்தான் மாறும், உங்கள் படத்தில் மாறாது' என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? கேமரா தேதி சரியான படங்களில் எக்ஸிஃபை நம்ப வேண்டும், கையால் திருத்திய படங்களில் ஜேசனை நம்ப வேண்டும். எது எந்த ரகம் என்று எந்த ஸ்கிரிப்டுக்கும் தெரியாது, திருத்திய நமக்குத்தான் தெரியும். அந்தக் கல்யாண போல்டருக்குள் மட்டும் போய், `-if` பகுதியை எடுத்துவிட்டு அதே கட்டளையை ஓட்டினேன். 1987 வந்தது.

வந்த 1987 இரட்டையாக வந்தது. ஆல்பத்தில் சேர்த்த படத்தை ஆல்பம் போல்டரில் ஒன்று, வருட போல்டரில் ஒன்று என்று இரண்டு பிரதியாகக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தவரை புதிய கடை ஒன்றைத் தள்ளிவிட்டது. நான் ஆல்பத்துப் பிரதியில் மட்டும் தேதி எழுதியதும் இரண்டும் வேறு வேறு கோப்பாகிவிட்டன. ஒரு கல்யாணம் 1987-இல், இன்னொன்று 2018-இல். "அறுபதாம் கல்யாணம்னு வச்சுக்கலாம் விடுடா" என்றார் அப்பா. அவருக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை.

ஆகவே தேதியைத் திருத்துவதற்கு முன்பே, ஆல்பத்தில் இருப்பவற்றை வருட போல்டரிலிருந்து நீக்கிவிட வேண்டும். இதைச் சொல்ல ஒரு நாதியில்லை. 2018-இல் சில பெரிய நிறுவனங்கள் சேர்ந்து 'டேட்டா ட்ரான்ஸ்பர் ப்ராஜெக்ட்' என்று ஒன்றைத் தொடங்கின, ஒரு கடையிலிருந்து இன்னொன்றுக்கு நேராக மாற்றலாம் என்று. சில கடைகளுக்கு நடுவில் அது வேலையும் செய்கிறது. நான் போன கடைக்கு வழி இல்லை.

ஆல்பம் என்ற சொல்லே புதிய கடைக்குப் புரியவில்லை. போல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் படம் போகும், போல்டரின் பெயர் காற்றோடு போகும். 58 ஆல்பத்துக்கும் ஒரே வழிதான்: ஒரு போல்டரை ஏற்று, ஏறிய கையோடு புது ஆல்பம் போடு, பெயரைத் தட்டு, அடுத்ததற்குப் போ. இரண்டு போல்டரைச் சேர்த்து ஏற்றினால் எது எதிலிருந்து வந்தது என்று அப்புறம் பிரிக்க முடியாது. அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

இப்போதைக்கு 41 முடிந்திருக்கிறது. இன்று ராத்திரி கெலமங்கலத்துச் சித்தி மகள் கல்யாணம், 900 படம். பழைய கடையிலிருந்து காலையில் ஒரு மெயில் வந்தது. என் இடம் நிரம்பிவிட்டதாம், பெரிய சந்தாவுக்கு மாறச் சொல்கிறார்கள்.